தட்டினால் அழைக்கும் எண்

மருத்துவமனையில் எல்லோரும் அவளைச் சர்க்குலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் பழுது, தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், வண்டி நிறுத்தும் இடம் மாற்றம் என்று எழுநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களுக்கும் போகிற அறிவிப்பு எதுவானாலும் அது அவள் கையால்தான் எழுதப்பட்டது. பதினோரு வருடத்தில் அவள் எழுதியதை முழுசாகப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அவள். இன்னொன்று நிர்வாக மேலாளர். அவரும் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயத்தால் படித்தார்.

"பாவம் நீ. எழுநூறு வாசகர்கள், ஒருத்தர் கூடப் படிக்கிறதில்ல" என்பார் அவள் கணவர். அவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எவ்வளவு சின்ன எழுத்தானாலும் மனிதர்கள் படித்தே தீரவேண்டிய தொழில் அது.

இந்த முறை விஷயம் பெரிது. வார்டுக்கு வார்டு தொங்கிய பணிநேர ரிஜிஸ்டர்கள், லீவு விண்ணப்பத் தாள்கள், "எனக்கு நாளைக்கு யாராவது மாத்திக்கிறீங்களா" என்று விடிய விடிய ஓடும் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லாமே ஒரே செயலியில் என்று முடிவாகியிருந்தது. செயலியின் பெயர் சுழல். சுழற்சி முறை வேலை என்பதால் அந்தப் பெயராம்.

"சார், சுழல்னா தண்ணிச்சுழலும்தான். ஆளை உள்ள இழுக்கும்" என்று அவள் மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பேர் வச்சாச்சும்மா. நீங்க பயம் வராத மாதிரி எழுதிடுங்க" என்றார் அவர்.

அவள் உட்கார்ந்து எழுதினாள். என்ன மாறுகிறது, எப்போது மாறுகிறது, யார் என்ன செய்ய வேண்டும் என்று மூன்றே பத்தி. அதன் கீழே பயிற்சி அட்டவணை: மூன்றாவது மாடிக் கூட்ட அறை, இருபது கணினி, முக்கால் மணி நேர வகுப்பு, இரண்டு வாரத்தில் முப்பத்தாறு வகுப்பு. ஒரு வார்டிலிருந்து ஒரு வகுப்புக்கு இரண்டு பேருக்கு மேல் வரக்கூடாது, வந்தால் நோயாளியை யார் பார்ப்பது? இரவுப் பணிக்காரர்களுக்கு என்று தனியாகப் பிற்பகல் இரண்டு மணி வகுப்புகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் உதவிக்கான தொடர்பு. கைபேசியில் படிப்பவர்கள் எண்ணைத் தனியாக அடித்துக்கொண்டிருக்க வேண்டாம், அதன்மேல் தட்டினாலே அழைப்பு போகிற மாதிரி இணைப்பு வைத்தாள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஊழியர்கள்மேல் இருந்த அக்கறையில் அவளாகவே செய்தது. வினையும் அந்த அக்கறையில்தான் வந்தது.

உதவி மையத்துக்கு எந்த எண் என்று கணினிப் பிரிவு இன்னும் முடிவு செய்யாத நேரம் அது. அந்தப் பிரிவை நடத்தியவரை எல்லோரும் ரீஸ்டார்ட் என்று கூப்பிடுவார்கள். எந்தப் புகார் போனாலும் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே அவருடைய முதல் பதில். பாதி நேரம் அதுவே கடைசிப் பதிலும். "நம்பர் வெள்ளிக்கிழமை தர்றேன் அக்கா" என்று இரண்டு வெள்ளிக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தட்டினால் அழைப்பு போகிறதா என்று சோதிக்க வேண்டும். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய தூரத்தில் சார்ஜில் கிடந்த நாத்தனாரின் கைபேசி எண்ணை அந்த இணைப்பில் போட்டாள். தட்டினாள். நாத்தனாரின் கைபேசி மேசைமேல் நடுங்கிக்கொண்டு பாடியது. வேலை செய்கிறது. திருப்தியாக மூடி வைத்தாள்.

ரீஸ்டார்ட் ஒருவழியாக எண்ணைக் கொடுத்தபோது, அறிவிப்பில் இருந்த பழைய எண்ணை அழித்து, முந்நூறில் முடியும் புது எண்ணை அடித்தாள். கண்ணுக்குத் தெரியும் எழுத்து மாறியது. அதற்கு அடியில் ஒளிந்திருந்த இணைப்பு மாறவில்லை. அந்த மென்பொருளில் இரண்டும் வேறு வேறு. அறிவிப்பை அவள் ஆறு தடவை சரிபார்த்தாள், மேலாளர் இரண்டு தடவை. இருவரும் எண்ணைப் படித்தார்களே தவிர யாரும் தட்டவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எழுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அறிவிப்பு போனது.

*

நாத்தனாருக்கு வயது முப்பத்துநான்கு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. லாரிக்காரர்களையே "ஓரமா நில்லுங்க அண்ணே" என்று அதட்டி நிறுத்தக் கூடியவள். ஆனாலும் வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் பெயர் இன்னும் பாப்பா.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் ஒன்பது நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. காலையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். அண்ணி தன் தொழில் புத்தியைக் காட்டி, நேர அட்டவணை ஒன்று தயாரித்துக் கதவில் ஒட்டிவிட்டாள். பாப்பாவுக்கு ஆறு மணி முதல் ஆறேகால் வரை. கீழே, "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

"நான் பொறந்து வளர்ந்த வீட்டுல எனக்குக் குளிக்க அப்பாயின்ட்மென்ட்டா?" என்றாள் பாப்பா.

"பதினஞ்சு நிமிஷம் பத்தலேன்னா சொல்லு, பரிசீலிக்கலாம்" என்று அண்ணி சொன்னதுதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. 'பரிசீலிக்கலாம்' என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொல்லலாமா? அன்றிலிருந்து கணவர்தான் நடுவில் தபால்காரர்.

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றேகாலுக்குப் பாப்பா ஒரு மாணவிக்குப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாணவி தையல்காரி. துணியில் நூல் பிடித்த மாதிரி நேராகத் தைப்பவள், வண்டியை மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். கைபேசி அடித்தது.

"ஹலோ, சுழலா?" என்றது ஒரு பெண் குரல்.

"என்னது?"

"சுழல்ல மாட்டிக்கிட்டேங்க. உள்ள போக முடியல."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஆத்துலம்மா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

பேசியது பிரசவ வார்டு நர்ஸ் என்றும், மாட்டிக்கொண்டது கைபேசிக்குள் என்றும் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. ராங் நம்பர் என்று வைத்தாள். அடுத்து ஆய்வகத்திலிருந்து ஒருவர். அடுத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவர் விடவில்லை. "ஆஸ்பத்திரி சர்க்குலர்ல இருக்குற நம்பரத் தட்டினேன், நீங்கதான் வந்தீங்க. ஹெல்ப்லைன்னு போட்டுட்டு ராங் நம்பர்னா என்னம்மா நியாயம்?"

சர்க்குலர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பாப்பா நிமிர்ந்தாள். "அத எனக்கு அனுப்புங்க, பாக்குறேன்" என்றாள்.

வந்தது. பாப்பா படித்தாள். மேலே தெரிவது முந்நூறில் முடியும் எண். தட்டினால் தன் எண். வெளிப்பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறொன்று. எவ்வளவு பக்குவமாக ஒளித்து வைத்திருக்கிறாள் பார்! கடைசி வரியில் "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" வேறு. அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. குளியலறைச் சண்டைக்கு அண்ணி பழிவாங்குகிறாள். எழுநூறு பேரை ஏவி விட்டிருக்கிறாள். தாங்க முடியாமல் நானே வந்து காலில் விழுவேன் என்று எதிர்பார்க்கிறாள்.

"விழுவேனா நான்?" என்றாள் பாப்பா, தையல்காரியிடம்.

தையல்காரி பயந்துபோய் பிரேக்கை மிதித்தாள்.

பாப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுநரைத் திரும்ப அழைத்தாள். "சொல்லுங்கண்ணே. உங்க ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுது? மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணா படிங்க."

பதினைந்து வருடமாக அவள் செய்ததும் அதுதான். பயந்து நடுங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடுங்காமல், "கண்ணாடில என்ன தெரியுது?" என்று கேட்பது. கைபேசியிலும் அது செல்லுபடியானது. ஓட்டுநருக்குச் செயலியிலிருந்து சனிக்கிழமையே வந்திருந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறக்கும் இணைப்பு இருந்தது. அதைத் தட்டினால் 'காலாவதியாகிவிட்டது' என்று வந்தது.

"அதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் இல்ல. கீபோர்டுதான் இருக்கு."

"கீபோர்டு மறைச்சிருக்கும்ணே. விரல வச்சு மேல தள்ளுங்க. இப்ப?"

"அட! 'மீண்டும் அனுப்பு'ன்னு ஒரு பட்டன்!"

"அமுக்குங்க. புது மெயில் வரும். வந்த உடனே திறங்க, ஊறப்போடாதீங்க."

ஓட்டுநர் உள்ளே போய்விட்டார். போனதும் அவர் விட்ட பெருமூச்சு பாப்பாவின் காதுவரை வந்தது. யாரோ முதல்முறை கிளட்சை விட்டு வண்டி குலுங்காமல் நகர்ந்த மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கும் வந்தது. அது வரக்கூடாத சந்தோஷம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

பயிற்சிப் பள்ளியின் பழைய வருகைப் பேரேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். நேரம், ஆள், என்ன தகராறு, என்ன ஆச்சு. அண்ணிக்கு முன்னால் ஒருநாள் அதைத் தூக்கிப் போட்டு, "இந்தாங்க, உங்க ஒத்துழைப்பு" என்று சொல்ல வேண்டும். அதற்காகவே ஒன்று விடாமல் எழுதினாள்.

*

அன்று மாலை வீட்டில் மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

"சில பேருக்கு வீட்டுல நோட்டீஸ் ஒட்டினது பத்தல. ஊருக்கே ஒட்றாங்க" என்றாள் பாப்பா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

"என்ன சொல்றா உங்க தங்கச்சி?" என்றாள் அண்ணி, கணவரைப் பார்த்து.

"தெரியலையே" என்றார் கணவர், தட்டைப் பார்த்து.

"நான் ஒண்ணும் அழுதுட மாட்டேன்னு சொல்லுங்கண்ணா. எத்தன வந்தாலும் சமாளிப்பேன்."

"எது வந்தாலும்?"

"அதுவும் தெரியலையே" என்றார் அவர். தண்ணீர் குடித்தார். அவருக்குக் கடையில் இருந்த நிம்மதி வீட்டில் இல்லை.

அண்ணிக்கு உண்மையிலேயே ஒன்றும் புரியவில்லை. அவளுக்குத் தன் கவலையே தலைக்கு மேல் இருந்தது. அறிவிப்பு போன ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் போட்டிருந்தார்கள். "நன்றி" என்று இருபத்தாறு பேர். "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட்டவர்கள் ஒன்பது பேர். சலவைப் பிரிவிலிருந்து ஒருவர், இதுதான் சமயம் என்று, நாலாவது வார்டு எடுத்துப்போன தலையணை உறைகளைத் திருப்பிக் கேட்டிருந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை முதல் வகுப்புக்கு இருபது பேருக்குப் பதில் ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் குளிர்சாதனத்துக்காக வந்தவர்.

ஆனால் போகப் போக ஒரு விசித்திரம் நடந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் பாதி வேலையை முடித்துவிட்டே வந்தார்கள்.

"எப்படி அதுக்குள்ள உள்ள போயிட்டீங்க?" என்று அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தலைமை நர்ஸைக் கேட்டாள். அந்த அம்மாள் இருபத்தெட்டு வருட அனுபவசாலி. எந்த நெருக்கடிக்கும் கை நடுங்காதவர், கணினி என்றால் மட்டும் நடுங்குவார்.

"உங்க ஹெல்ப்லைன் பொண்ணுதான். தங்கமான பொண்ணு! ஷிப்ட் மாத்தணும்னு பட்டன அமுக்கிட்டேன், மாறவே இல்லன்னு கத்தினேன். என்ன சொன்னா தெரியுமா? 'மேடம், இண்டிகேட்டர் போட்டா மட்டும் வண்டி திரும்பிடுமா? எதிர்ல வர்றவங்க வழி விடணும். அப்புறம் போலீஸ்காரர் கை காட்டணும். அதுக்கப்புறம்தான் திரும்பணும்.' நான் கேட்டது எதிராளிக்குப் போகுமாம். அவங்க சரின்னதும் மேற்பார்வையாளருக்குப் போகுமாம். அவர் ஒப்புதல் குடுத்தாத்தான் மாறுமாம். வார்டுல ஆளாளுக்குச் சொன்னது மண்டைல ஏறல, ரெண்டு நிமிஷத்துல ஏத்திட்டா!"

சலவைப் பிரிவுக்காரரும் புகழ்ந்தார். "நான் பாஸ்வேர்டைச் சொல்ல ஆரம்பிச்சேன். 'வீட்டுச் சாவியத் தெருவுல போறவங்ககிட்ட குடுப்பீங்களா? என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க'ன்னு ஒரு அதட்டு அதட்டுச்சு. அப்படி ஒரு பொறுப்பு."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு உதவி மையம் பாராட்டு வாங்குவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறாள். ரீஸ்டார்ட் அவ்வளவு நல்ல ஆளை எங்கிருந்து பிடித்தார் என்று யோசித்தாள்.

ரீஸ்டார்ட்டும் மகிழ்ச்சியில்தான் இருந்தார். அவருடைய மையத்தில் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தார். ஏழு நாளில் வந்தது முப்பத்தொரு அழைப்பு. அதுவும் வார்டுச் சுவரில் ஒட்டிய அச்சுத் தாளைப் பார்த்து, மேசைத் தொலைபேசியில் எண்ணை அடித்தவர்கள். "எழுநூறு பேருக்கு முப்பத்தொண்ணு! செயலி அவ்வளவு சுலபம்" என்று மேலாளருக்கு அறிக்கை எழுதிவிட்டார்.

*

இரண்டாவது வாரம் புதன்கிழமை மேலாளர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பாராட்டுச் சான்றிதழ் இருந்தது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

"அந்த ஹெல்ப்லைன் பொண்ணு பேரு என்னப்பா? வெள்ளிக்கிழமை கூட்டத்துல குடுத்துடலாம்."

ரீஸ்டார்ட் விழித்தார். "பொண்ணா? சார், என்கிட்ட இருக்குறது ரெண்டும் ஆம்பளைங்க."

"ஆறு வார்டுலேர்ந்து ஒரே குரலா சொல்றாங்கய்யா. கார் உதாரணமெல்லாம் சொல்லிப் பேசுமாம்."

கார் என்றதும் சர்க்குலர் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் கைபேசியை எடுத்தாள். தன் அறிவிப்பைத் திறந்தாள். பத்து நாளில் முதல்முறையாக அந்த எண்ணைத் தட்டினாள்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: பாப்பா.

கண்ணை மூடித் திறந்தாள். அப்போதும் பாப்பாதான். துண்டிக்க விரல் போவதற்குள் மறுமுனை எடுத்துவிட்டது. கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"என்ன அண்ணி?" என்றது பாப்பாவின் குரல், மேலாளர் அறை முழுவதும் கேட்கும்படி. "உங்களுக்கும் உள்ள போக முடியலையா? ஸ்கிரீன்ல என்ன தெரியுது, படிங்க."

"அப்புறம் கூப்பிடறேன்" என்று மட்டும் சொல்லிச் சர்க்குலர் அக்கா வைத்தாள்.

சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னாள். சோதனைக்காகப் போட்டது, மேலே மாற்றி அடியில் மாற்றாதது, பதினோரு வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை என்பது. மேலாளர் சான்றிதழையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளி ஆள் ஒருத்தர் நம்ம ஊழியர்கள்கிட்ட பத்து நாளா பேசியிருக்காங்க" என்றார். "கேக்க நல்லா இல்ல."

"யார் கணக்கையும் அவங்களால திறந்து பாக்க முடியாது சார்" என்றார் ரீஸ்டார்ட். "பாஸ்வேர்டும் வாங்கல. ஆனா எத்தன பேரு, என்னென்ன கேட்டாங்கன்னு நமக்குத் தெரியணும். திங்கட்கிழமை ரிஜிஸ்டரை எடுத்துடப் போறோம். என் அறிக்கை..." அவர் முகம் தொங்கியது. "அது சுத்தப் பொய்யாயிடுச்சே."

*

பயிற்சிப் பள்ளியின் மைதானம் மருத்துவமனையிலிருந்து மூன்று நிறுத்தம். சர்க்குலர் அக்கா போனபோது பாப்பா வண்டியில் தையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி பின்கதவைத் திறந்து ஏறினாள்.

"வகுப்பு நடக்குது" என்றாள் பாப்பா, முன்னால் பார்த்துக்கொண்டே. பதினெட்டு நாளில் அண்ணியிடம் நேராகச் சொன்ன முதல் முழு வாக்கியம், கைபேசியில் சொன்னதைக் கழித்தால்.

"பாப்பா, ஏன் என்கிட்ட சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? வேணும்னே போட்டவங்ககிட்ட போய், போட்டீங்களான்னு கேக்கணுமா?"

"வேணும்னா? நானா?"

"பின்ன? மேல ஒரு நம்பர், அடியில ஒரு நம்பர். அவ்வளவு நுணுக்கமா ஒளிச்சு வச்சது தவறுதலாவா?"

"ஆறு தடவை சரிபார்த்தேன் பாப்பா. அடியில பாக்கணும்னே தோணல. நான் அவ்வளவு புத்திசாலின்னு நீ நெனச்சிருக்க பாரு, அதுக்கு முதல்ல நன்றி."

பாப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். அண்ணியின் கண் கலங்கியிருந்தது. உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் பாப்பாவுக்கு வைராக்கியம் ஆட்டம் கண்டது.

"அப்ப பத்து நாளா நான் யார்மேல கோவப்பட்டு இந்த வேலைய செஞ்சேன்?"

"சும்மாவேதான் செஞ்சிருக்க."

தையல்காரிதான் முதலில் சிரித்தாள். சிரித்ததில் கால் நழுவி வண்டி ஒரு முழம் எகிறியது. பாப்பா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். பிறகு மூவரும் சிரித்தார்கள்.

"மன்னிச்சுக்கோ" என்றாள் அண்ணி. "நம்பருக்கு மட்டுமில்ல. அந்த 'பரிசீலிக்கலாம்'க்கும் சேர்த்து."

பாப்பா பேரேட்டை எடுத்துப் பின்னால் நீட்டினாள். முகத்தில் எறிய வைத்திருந்தது. நீட்டும்போது பக்கம் மடங்காமல் நீட்டினாள்.

நூற்று அறுபத்துமூன்று அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அண்ணி பக்கம் புரட்டப் புரட்ட ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. 'இணைப்பு காலாவதி' மட்டும் எழுபத்தொன்று. அதில் ஐம்பதுக்கு மேல் இரவுப் பணிக்காரர்கள்.

"இது ஏன் இவ்வளவு?"

"அந்த லிங்க் இருபத்துநாலு மணி நேரம்தான் இருக்கும் அண்ணி. நைட் ட்யூட்டிக்காரங்க விடிஞ்சு வந்து படுத்தா, எழுந்து மெயில் பாக்குறதுக்குள்ள அது செத்துடுது. இன்னொண்ணு சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அவங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வகுப்பு வச்சிருக்கீங்களே, அது அவங்களுக்கு நடு ராத்திரி மாதிரி. ஒருத்தராவது வந்தாங்களா?"

அண்ணி நினைத்துப் பார்த்தாள். இரண்டு மணி வகுப்பில் காலி நாற்காலிகளைத்தான் பார்த்திருந்தாள். அக்கறையில்லாதவர்கள் என்று மேலாளரிடம் சொல்லவும் சொல்லியிருந்தாள். காது சூடாயிற்று.

"வேலை முடிஞ்சு கிளம்புற நேரத்துல, ஏழரை மணிக்கு வச்சா வருவாங்க. நான் கேட்டுட்டேன்" என்றாள் பாப்பா. "அதுவும் மூணாவது மாடிக்கு வரமாட்டாங்க. கால் வலி. கீழ வாசல் பக்கத்துலயே வைங்க."

*

அன்று மாலைக்குள் ரீஸ்டார்ட் இணைப்பின் ஆயுளை ஏழு நாளாக நீட்டினார், கணக்குத் திறக்காதவர்களுக்கெல்லாம் புது மின்னஞ்சல் அனுப்பினார். 'மீண்டும் அனுப்பு' பொத்தானைக் கீபோர்டு மறைக்காத இடத்துக்கு மேலே ஏற்றச் சொல்லி, செயலி செய்த நிறுவனத்துக்கும் எழுதினார்.

சர்க்குலர் அக்கா திருத்த அறிவிப்பு எழுதினாள். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, உள்ளதை எழுதினாள். உதவி எண் இணைப்பில் நான் செய்த தவறால் உங்கள் அழைப்புகள் என் நாத்தனாருக்குப் போயின. சரியான எண் இது. இரவுப் பணியாளர்களின் வகுப்பு நேரம் தவறு. வியாழன், வெள்ளி, சனி காலை ஏழரைக்கு, தரைத்தளக் காத்திருப்புக் கூடத்தில். இந்தமுறை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். மேலாளரையும் தட்ட வைத்தாள். ரீஸ்டார்ட்டின் மேசை மணி இரண்டு தடவை அடித்த பிறகே அனுப்பினாள்.

பதினோரு வருடத்தில் எல்லோரும் கடைசி வரி வரை படித்த முதல் அறிவிப்பு அதுதான். நாத்தனார் என்ற சொல் அலுவலக அறிவிப்பில் வந்தால் யார்தான் படிக்க மாட்டார்கள்? உணவகத்தில் அதை உரக்க வாசித்தார்கள். "உங்களுக்குள்ள சமாதானம் ஆயிடுச்சா அக்கா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமை ஏழரைக்குக் கூடத்தில் நாற்பத்துநான்கு பேர் நின்றிருந்தார்கள், இரவெல்லாம் விழித்த கண்களோடு. அதைப் பார்த்ததும் வெட்கம் போய்விட்டது.

முதல் தேதி திங்கட்கிழமை வந்தது. வார்டு வார்டாக ரிஜிஸ்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் அறுநூற்றுத் தொண்ணூற்றாறு பேர் உள்ளே போயிருந்தார்கள். மீதிப் பதினாறில் ஒன்பது பேர் நீண்ட விடுப்பில். ஆறு பேரை ரீஸ்டார்ட் தேடிப் பிடித்துவிட்டார். கடைசி ஆள் மேலாளர். பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாகப் போட்டதில் அவர் கணக்கு பூட்டப்பட்டிருந்தது.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமா?" என்று கேட்டார் ரீஸ்டார்ட்.

"நான் அந்தப் பொண்ணுக்கே போன் பண்றேன்" என்றார் மேலாளர்.

"பூட்டைத் திறக்க அவங்களால முடியாது சார், என்னாலதான் முடியும்" என்றார் ரீஸ்டார்ட். புதன்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது.

சான்றிதழ் பாப்பாவுக்கே போனது. பெயர் இடத்தில் எழுதியது சர்க்குலர் அக்காதான், தன் அழகான கையெழுத்தில். பாப்பா அதைப் பயிற்சிப் பள்ளியில் மாட்டினாள். வந்தவர்களெல்லாம் ஓட்டுநர் ஆசிரியைக்கு மருத்துவமனை ஏன் சான்றிதழ் கொடுத்தது, எத்தனை பேரை அங்கே அனுப்பி வைத்தாய் என்று கேட்டுச் சிரித்தார்கள்.

புது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, தீவிர சிகிச்சைப் பிரிவுத் தலைமை நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு வந்து பணம் கட்டிச் சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது வரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. உட்கார்ந்தவுடன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வராதும்மா. நான் பஸ்லயே போயிக்கிறேன்."

"மேடம்" என்றாள் பாப்பா, பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "கண்ணாடில என்ன தெரியுது? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"ஒரு மரம். ஒரு நாய். ஒரு சைக்கிள்." நர்ஸ் உற்றுப் பார்த்தார். "நாய் நம்மளையே பாக்குது."

"பாக்கட்டும். அது அதோட வேலை. நீங்க சாவியத் திருகுங்க."

வண்டி உறுமியது. நர்ஸ் கண்ணை இறுக்க மூடினார்.

"கண்ணத் திறந்து ஓட்டணும் மேடம்" என்றாள் பாப்பா.